காண்டனேஷன் கடிதம்: ஆஸ்பத்திரியில் இருந்த நாளையும் வீட்டில் இருந்த நாளையும் ஒன்றாக எழுதாதீர்கள்

நவம்பர் வந்து, தேர்வு எழுதத் தகுதியுள்ளவர்கள் பட்டியல் தயாராகத் தொடங்கியதும், வருகை குறைந்தவர்கள் விலக்குக் கேட்டு எழுதும் காண்டனேஷன் கடிதங்கள் துறைத்தலைவர் மேசைக்கு வர ஆரம்பித்துவிடும். பாளையங்கோட்டையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் வகுப்பு டியூட்டர். அந்தக் கடிதங்கள் முதலில் என் கைக்கு வந்துதான் மேலே போகும். போன ஆண்டு சீனியர் எழுதிய அதே கடிதத்தைத் தேதியை மட்டும் மாற்றி இந்த ஆண்டு ஜூனியர் கொண்டுவருகிறான். தவறுகளும் அப்படியே கூட வருகின்றன.

எழுத்துப்பிழை, கையெழுத்து போட மறப்பது, பதிவு எண் விட்டுப்போவது எல்லாம் நின்ற இடத்திலேயே திருத்திவிடக் கூடியவை. அவற்றை விட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்த பிள்ளைக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதைக் கிடைக்காமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

லீவு லெட்டர் கொடுத்தாயிற்றே என்று இருந்துவிடுவது

"அதான் அன்னைக்கே லீவ் லெட்டர் குடுத்துட்டேன்லா சார்?" என்று கேட்காத பிள்ளை இல்லை. லீவு லெட்டர், நீங்கள் ஏன் வரவில்லை என்று துறைக்குச் சொல்கிறது. வருகைப் பதிவேட்டில் அந்த நாள் ஆப்சென்ட் ஆகவே இருக்கும். காண்டனேஷன் கிடைத்தாலும் அது மாறாது. 68 சதவீதம் 68 ஆகவே நிற்கும். 75 இருக்க வேண்டிய இடத்தில் 68 இருந்தாலும், காரணத்தை ஏற்றுத் தேர்வு எழுத விடுகிறோம் என்பதுதான் காண்டனேஷன். அதனால் "எனக்கு வருகைப் பதிவு வழங்குமாறு" என்று எழுதாதீர்கள். உங்களுக்கு யாரும் வருகை போட்டுத் தர முடியாது. குறைவுக்கு விலக்குக் கேளுங்கள்.

தேதிகளைச் சேர்த்துக் கட்டுவது

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிற தவறு இதுதான். ஒரு மாணவியின் கதையாகவே சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் வந்து படித்தவள். செப்டம்பர் 12, திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்கியது. புதன் வரை ஊரிலேயே ஒரு டாக்டரிடம் ஊசி, மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்ததும், 15ஆம் தேதி வியாழன் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். தட்டணுக்கள் ஏறியதும் 20ஆம் தேதி செவ்வாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பில் தெம்பே இல்லை. 30ஆம் தேதி வரை வீட்டில் இருந்துவிட்டு அக்டோபர் 3 அன்று கல்லூரிக்கு வந்தாள்.

செமஸ்டர் முடிவில் அவள் எழுதிய கடிதத்தில் ஒரே வரிதான்: "நான் 12.9 முதல் 30.9 வரை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தேன்." கூட இணைத்தது டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று மட்டும். அதில் சேர்ந்த தேதி 15, வெளியேறிய தேதி 20.

துறைத்தலைவர் அம்மா சம்மரியை எடுத்தார், காலண்டரைப் பார்த்தார். 15, 16, 19, 20 என்று நான்கு வேலை நாள். கடிதம் கேட்பதோ பதினைந்து வேலை நாளுக்கு. "மீதி பதினோரு நாள் இந்தப் பிள்ளை எங்கே இருந்தாள்?" என்று என்னைக் கேட்டார். அவள் படுக்கையில்தான் கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஒரு காகிதமும் இல்லை. கடிதத்தில் இருந்ததோ டிஸ்சார்ஜ் சம்மரியே பொய்யாக்குகிற ஒரு வரி.

அந்த நான்குக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த செமஸ்டரில் 90 வேலை நாள். அவள் வந்தது 62 நாள், அதாவது 68.9 சதவீதம். 75 சதவீதத்துக்கு 68 நாள் வேண்டும். காய்ச்சலுக்குப் போன 15 நாளும் வந்திருந்தால் 77 நாள், 85 சதவீதத்துக்கு மேல். நோய் மட்டும் வராதிருந்தால் இவளுக்குக் குறைவே இல்லை என்று இந்தக் கணக்கு சொல்கிறது. ஆனால் நான்கு நாள்தான் நிரூபணம் என்றால் 66 நாள், 73.3 சதவீதம். அப்போது கேள்வி தலைகீழாகிவிடும். ஆஸ்பத்திரி நாளைக் கழித்த பிறகும் 75 வரவில்லை, ஆகவே குறைவுக்கு நோய் காரணமில்லை என்று மேலே இருப்பவர்கள் சொல்லலாம். எங்கள் துறைத்தலைவர் சொன்னதும் அதுவேதான். உண்மையாகவே நோயில் விழுந்த பெண், ஊர் சுற்றியவளைப் போல நின்றாள்.

அப்புறம் ஒரு வாரம் அவள் அப்பா வேலையை விட்டுவிட்டு அலைந்தார். ஊர் டாக்டரிடம் போய் அந்த மூன்று நாள் பார்த்ததற்குச் சீட்டு, பரிசோதனைக் கூடத்தில் 14ஆம் தேதி போட்ட ரத்த ரிப்போர்ட்டின் நகல், மருத்துவமனையில் ஓய்வுக்கான சான்று. கடைசித் தேதிக்கு முந்தைய நாள்தான் எல்லாம் சேர்ந்தது. ஆஸ்பத்திரியை விட்டு இறங்குகிற அன்றே கேட்டிருந்தால் பாதி அலைச்சல் இருந்திருக்காது.

ஆகவே நோய்க்காலத்தை மூன்று துண்டாகப் பிரித்து எழுதுங்கள். சேர்வதற்கு முன் வெளிநோயாளியாகப் பார்த்த நாள், உள்நோயாளியாக இருந்த நாள், வீட்டில் ஓய்வில் இருந்த நாள். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒரு காகிதம் வேண்டும். முதல் துண்டுக்கு ஓபி சீட்டு. அது தொலைந்திருந்தால் தேதி போட்ட பரிசோதனை ரிப்போர்ட் கைகொடுக்கும். இரண்டாவதுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி. மூன்றாவதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் டாக்டரின் அறிவுரை எழுதும் இடம் இருக்கும். பெரும்பாலும் மாத்திரைகளும், ஒரு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லியும் மட்டும் இருக்கும். எத்தனை நாள் ஓய்வு என்று டாக்டர் வாயால் சொல்லியிருப்பார், எழுதியிருக்க மாட்டார். வீட்டுக்குக் கிளம்பும் முன்னால், "காலேஜுக்குக் காட்டணும், ஓய்வு எத்தனை நாள்னு எழுதித் தாங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துக் காட்டப் போகும்போது ஓய்வை நீட்டினால் அதையும் எழுதி வாங்குங்கள். கல்லூரிக்குத் திரும்பும் முன் உடல் தகுதிச் சான்றும் வாங்கிவிட்டால் மூன்றாவது துண்டுக்கு முடிவுத் தேதியும் கிடைத்துவிடும்.

அந்த மாணவி திருத்தி எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"டெங்கு காய்ச்சலால் செப்டம்பர் 12 முதல் 30 வரை 15 வேலை நாட்கள் கல்லூரிக்கு வர இயலவில்லை. 12 முதல் 14 வரை ஊரில் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றேன் (3 வேலை நாட்கள், இணைப்பு 1). 15 முதல் 20 வரை மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன் (4 வேலை நாட்கள், இணைப்பு 2). 21 முதல் 30 வரை மருத்துவர் அறிவுரைப்படி வீட்டில் ஓய்வில் இருந்தேன் (8 வேலை நாட்கள், இணைப்பு 3). இந்தப் பருவத்தின் 90 வேலை நாட்களில் நான் வந்தவை 62. என் வருகை 68.9 சதவீதம். இக்குறைவுக்கு விலக்கு அளித்துப் பருவத் தேர்வு எழுத அனுமதிக்கும்படி, தங்கள் பரிந்துரையுடன் முதல்வர் அவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். குடும்ப வறுமையும் அம்மாவின் கண்ணீரும் இதில் வர வேண்டாம். துறைத்தலைவர் கையில் காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கலாம், எதுவும் இடிக்காது. அந்தக் கடிதம் அன்றைக்கே கையெழுத்தாகி மேலே போனது.

வேலை நாளை எண்ணும்போது சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். டே ஆர்டர் போட்ட கல்லூரிக் காலண்டர்தான் கணக்கு, வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் இல்லை. சனிக்கிழமை ஈடுசெய்யும் வகுப்பு நடந்திருந்தால் அதுவும் வேலை நாள்தான். மொத்த நாளையும் சதவீதத்தையும் நீங்களே கணித்தாலும், டியூட்டரிடம் இருக்கும் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். மணி நேரக் கணக்கில் வருகை எடுக்கும் கல்லூரி என்றால் மணி நேரத்திலேயே எழுத வேண்டும்.

மொத்தத்துக்கும் ஒரே சான்றிதழ்

மூன்று காகிதத்துக்கு அலைய முடியாமல், தெரிந்த டாக்டர் ஒருவரிடம் 12 முதல் 30 வரை என் சிகிச்சையில் இருந்தார் என்று ஒரே சான்றாக வாங்கி வருகிறார்கள். அந்த நாட்களின் நடுவே வேறொரு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு டாக்டரிடம் எப்படி இருந்தார்? சான்றின் தேதியோ நேற்றைய தேதி. இப்படி ஒரு காகிதம் வந்தால் உண்மையான டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். யார் எந்த நாட்களில் பார்த்தாரோ அவரே அந்த நாட்களுக்குச் சான்று தர வேண்டும். அதில் அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள்.

மற்ற லீவுகளை நோயில் சேர்ப்பது

அந்த மாணவிக்கு மீதி 13 நாள் லீவு இருந்தது. அக்கா கல்யாணம், ஊர்க் கொடை, பாசஞ்சர் லேட்டான நாட்கள். அவற்றைக் காய்ச்சல் கணக்கில் தள்ள வேண்டாம், விளக்கவும் வேண்டாம். 25 சதவீதம் விட்டுவைத்திருப்பதே அதற்குத்தான்.

யாருக்கு எழுதுவது

முடிவு முதல்வருடையது, சில இடங்களில் பல்கலைக்கழகம் வரை போகும். துறைத்தலைவர் பரிந்துரைக்கிறார். அதனால்தான் "பரிந்துரையுடன் அனுப்பிவைக்க" என்று கேட்கச் சொன்னேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புள்ள பொறியியல் கல்லூரியில் படிப்பவர்கள் மருத்துவச் சான்றில் முதல்வரின் சான்றொப்பமும் வாங்க வேண்டும்.

65க்குக் கீழே

அண்ணா பல்கலைக்கழக விதியில் மருத்துவக் காரணத்துக்கான விலக்கு 65 முதல் 75க்குள்தான். பல கலை அறிவியல் கல்லூரிகளிலும் கோடு அங்கேதான் போட்டிருக்கிறார்கள். 64 என்றால் எவ்வளவு நல்ல கடிதமும் உதவாது. கையேட்டைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன வழி என்று டியூட்டரிடம் நேரில் கேளுங்கள்.

கட்டணம்

காண்டனேஷனுக்குக் கட்டணம் கட்டச் சொன்னால், கட்டிய ரசீதைக் கடிதத்தோடு பின் செய்யுங்கள்.

அசல் சம்மரி

கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.