வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் சம்மதக் கடிதம்

அப்பா துபாயில், அம்மாவும் குழந்தையும் திருச்சியில் என்றால், குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் போடும் முன்பே அப்பாவின் சம்மதப் பிரமாணப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பத்துடன் வாங்கி, அசலைக் கூரியரில் வரவழைத்துவிடுங்கள். வெறும் வெள்ளைத்தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தை நம்பிப் போகாதீர்கள். கையெழுத்து அப்பாவுடையதுதானா என்று இங்குள்ள அதிகாரியால் பார்க்க முடியாது. தூதரக முத்திரைதான் அதற்குச் சாட்சி. அதோடு இங்கே அம்மா, பெற்றோர் தரும் உறுதிமொழியான அனெக்சர் டி படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் இந்த இரண்டு தாள்களிலும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும்.

அப்பா விடுமுறைக்கு ஊருக்கு வருகிறாரா? சரி, இந்தச் செலவே வேண்டாம். இருவருமே அனெக்சர் டியில் கையெழுத்திடலாம். அவர் சம்மதிக்கவே மறுத்தால் இந்த வழி உதவாது, அதற்கு ஒரு பெற்றோர் மட்டும் கையெழுத்திடும் அனெக்சர் சி படிவம்.