பிரிண்ட் கறுத்து வந்ததற்குக் காரணம் என் லேப்டாப் திரை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. கொழுந்து விட்டிருந்த நாளில் எடுத்த படத்தை லேப்டாப்பில் திருத்திப் பிரிண்ட் போட்டேன். தாளில் எல்லாம் கறுத்துக் கிடந்தது. அதே படம் தங்கையின் போனில் கண் கூசும் கிளிப்பச்சை! படத்தில் குறையில்லை, என் திரையில்தான்.

முதலில், திரையின் பேனல் டிஎன், விஏ, ஐபிஎஸ் என்ற மூன்றில் எந்த வகை என்று பாருங்கள். திரையில் ஒரு முகப்படத்தைத் திறந்து, தலையைக் கீழே இறக்கிப் பாருங்கள். நிழல்கள் தலைகீழாக மாறினால் அது டிஎன். திருத்த வேலைக்கு ஆகாது. பக்கவாட்டில் வெளுத்தால் பெரும்பாலும் விஏ. எப்படிப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாவிட்டால் ஐபிஎஸ் ஆக இருக்கலாம். ஆரம்பத்துக்கு அது போதும்.

அடுத்தது நிறப் பரப்பு, அதாவது திரையால் எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்பது. லேப்டாப் விவரக்குறிப்பில் '45% NTSC' என்று இருந்தால், இணையத்துக்கான பொது அளவான sRGB-யில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். '72% NTSC' என்றால் ஏறக்குறைய முழு sRGB. என்னுடையது 45. கொழுந்தின் பச்சை அதில் சோர்ந்து தெரியவே, சாச்சுரேஷனை 25 ஏற்றினேன். போனில் கிளிப்பச்சை வந்தது அதனால்தான். கேலிபரேஷன் கருவி வாங்கினாலும், பேனலால் காட்ட முடியாத நிறத்தை அது கொண்டுவந்துவிடாது. '100% sRGB' போட்ட மானிட்டர் வாங்கும்வரை சாச்சுரேஷனில் கை வைக்காதீர்கள்.

கறுத்த பிரிண்டுக்குக் காரணம் வெளிச்சம். இதை உங்கள் கேமராவே அளந்து சொல்லும். Night light-ஐயும் தானியங்கி வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு, திரை முழுக்க வெள்ளைப் பக்கம் திறங்கள். கேமராவை A அல்லது Av-இல் வையுங்கள்: ISO 100, f/4, எக்ஸ்போஷர் திருத்தம் 0. ஃபோகஸை மங்கலாக்கி, வெள்ளை மட்டும் சட்டம் நிறையும்படி பிடியுங்கள். ஷட்டர் 1/50 காட்டினால் திரையின் வெளிச்சம் சுமார் 100 நிட்ஸ்; திரை வெளிச்சத்தை அளக்கும் அலகுதான் நிட்ஸ். 1/100 என்றால் 200. பிரிண்டுக்கு 80 முதல் 120 வரை போதும். துல்லியம் இல்லைதான், ஆனால் பெரிய பிசகைக் காட்டிவிடும். எனக்கு 1/125 வந்தது, அதாவது 250 நிட்ஸ்! அவ்வளவு பளிச்சென்ற திரையில், செடிக்கு அடியிலிருந்த இருட்டு எனக்கு இருட்டாகவே படவில்லை.

1/50 வரும்வரை வெளிச்சத்தைக் குறைத்தேன். அப்புறம் கண் பழகப் பத்து நிமிடம் விட்டுப் படத்தைத் திறந்தேன். தாளில் பார்த்த அதே கறுப்பு இப்போது திரையிலும் தெரிந்தது. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் ஏற்றி, சாச்சுரேஷனைப் பழைய இடத்துக்கே இறக்கி, sRGB-யில் ஏற்றுமதி செய்தேன். இரண்டாவது பிரிண்டில் வரிசைகளுக்கு இடையே நடைபாதை தெரிந்தது.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் அறை சட்டென்று இருண்டுவிடும். அதே 100 நிட்ஸ் திரை பளீரென்று தோன்றும், நாமும் படத்தைக் கறுக்க வைத்துவிடுவோம். அதனால் திருத்தும்போது திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரே வெள்ளை பல்பை எரிய விடுகிறேன்.