வென்படத்தில் ‘ஒன்றில் மட்டும்’ உள்ளவர்களை எண்ணுவது எப்படி?

காட்பாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, கண மொழிப் பாடம் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் வென்படங்களின் ஸ்கிரீன்ஷாட்டுகள் வரத் தொடங்கிவிடும். வட்டங்களுக்குள் எண்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். கேள்வியோ ‘ஒன்றில் மட்டும் இருப்பவர்கள் எத்தனை பேர்?’ என்று ஒரே வரியில் இருக்கும். கூட்டல் எளிதுதான், எந்த எண்களைக் கூட்டுவது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். அவர்களிடம் வேலூர்க் கோட்டை, அமிர்தி, ஏலகிரி ஆகிய மூன்று இடங்களில் எவற்றைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டு வரைந்த படம் நம்மிடம் உள்ளது. செவ்வகத்துக்குள் மூன்று வட்டங்கள். வட்டங்களின் வெளிவிளிம்பை ஒட்டிப் பெயரோடு ‘கோட்டை 37’, ‘அமிர்தி 23’, ‘ஏலகிரி 24’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே, கோட்டை வட்டத்தின் தனிப்பகுதியில் 14, அமிர்தியில் 5, ஏலகிரியில் 7. கோட்டையும் அமிர்தியும் மட்டும் சேரும் இடத்தில் 9, அமிர்தியும் ஏலகிரியும் மட்டும் சேரும் இடத்தில் 3, கோட்டையும் ஏலகிரியும் மட்டும் சேரும் இடத்தில் 8. மூன்றும் சேரும் நடுவில் 6. வட்டங்களுக்கு வெளியே, செவ்வகத்தின் மூலையில் 8.

முதலில் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி, ஒவ்வோர் எண்ணும் எந்தக் கோடுகளுக்குள் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். இதற்கு நான் சொல்லும் வழி, ஒவ்வோர் எண்ணின் மேலும் விரலை வைத்து, ‘இந்த இடம் எத்தனை வட்டங்களுக்குள் இருக்கிறது?’ என்று கேட்பதுதான். 14 இருக்கும் இடம் கோட்டை வட்டத்துக்குள் மட்டுமே இருப்பதால் அதன் பக்கத்தில் 1 என்று குறியுங்கள். 9 இருக்கும் இடம் இரண்டு வட்டங்களுக்குள் இருப்பதால் 2. நடுவில் உள்ள 6க்கு 3. மூலையில் உள்ள 8க்கு 0. போனிலேயே படத்தைத் திருத்தும் வசதியில் சிவப்பு நிறத்தில் இதை எழுதிவிடலாம். பகுதியின் பரப்பைப் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். இத்தகைய படங்களில் பெரிய பகுதிக்குள் சிறிய எண் இருப்பதும் இயல்பே.

அடுத்து, 1 என்று குறித்த இடங்களை மட்டும் கூட்டுங்கள்: 14 + 5 + 7 = 26. ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்த்தவர்கள் 26 பேர். கேள்வி ‘கோட்டையை மட்டும்’ என்றிருந்தால் விடை 14. ‘குறைந்தது ஓர் இடத்தையாவது’ என்றிருந்தால் 0 குறித்த பகுதியைத் தவிர அனைத்தையும் கூட்டி 52 என்று எழுத வேண்டும். ‘மட்டும்’ என்ற சொல் எதனோடு ஒட்டியிருக்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.

பெரும்பாலானோர் செய்யும் பிழை, விளிம்பில் உள்ள 37, 23, 24 ஆகியவற்றைக் கூட்டிவிடுவது. அப்படிக் கூட்டினால் 84 வரும். வகுப்பில் இருப்பதே 60 பேர் என்பதால் அது விடையாக இருக்க முடியாது என்று உடனே தெரிந்துவிடும். கோட்டையையும் அமிர்தியையும் பார்த்த மாணவர் 37இலும் இருக்கிறார், 23இலும் இருக்கிறார். மூன்றையும் பார்த்தவர் மூன்று முறை எண்ணப்படுகிறார்.

விளிம்பில் உள்ள எண்களுக்கு வேறொரு பயன் உண்டு. பலமுறை அனுப்பப்பட்டு மங்கிய ஸ்கிரீன்ஷாட்டில் 6உம் 8உம் ஒன்றுபோலத் தெரியும். நடுவில் இருப்பது 8 என்று படித்தால் கோட்டை வட்டத்தின் கூட்டுத்தொகை 14 + 9 + 8 + 8 = 39 ஆகிறது; விளிம்பில் உள்ளதோ 37. இரண்டு கூடுதலாக வருவதால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று தெரிகிறது. அமிர்தி, ஏலகிரி வட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் அவற்றிலும் அதே இரண்டு கூடுதலாக வரும். மூன்று வட்டங்களுக்கும் பொதுவான பகுதி நடுப்பகுதி ஒன்றே என்பதால், அங்கே இருப்பது 6 என்று உறுதிசெய்துகொள்ளலாம். விளிம்பு எண்கள் வெட்டுப்பட்டுப் போயிருந்தால், எட்டுப் பகுதிகளையும் கூட்டி 60 வருகிறதா என்று பாருங்கள். பிழை இருப்பது அதில் தெரியும், எந்தப் பகுதியில் என்பது தெரியாது.

இன்னொரு வகைப் படத்தில் எண்கள் பகுதிக்குள் இல்லாமல், இரு வட்டங்கள் சேரும் இடத்தை நோக்கி அம்புக்குறியிட்டு ‘கோட்டையும் அமிர்தியும் 15’, ‘கோட்டையும் ஏலகிரியும் 14’ என்று வெளியே எழுதியிருக்கும். ‘மட்டும்’ என்ற சொல் அங்கே இல்லாததைக் கவனியுங்கள். நடுவில் உள்ள 6 பேரும் அவற்றுக்குள் அடக்கம். அப்போது முதலில் 15 − 6 = 9 என்றும் 14 − 6 = 8 என்றும் பிரித்துப் பகுதிக்குள் எழுதிக்கொண்டு, பிறகு 37இலிருந்து 9, 8, 6 ஆகிய மூன்றையும் கழித்தால் கோட்டையை மட்டும் பார்த்த 14 பேர் கிடைப்பார்கள்.