கீசரைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? எலிமெண்ட்டைச் சோதித்து மாற்றும் முறை

"தம்பி, கீசரை நான் போன கிழமையே ஓஃப் பண்ணிட்டன். இப்ப அயனைப் போட்டாலும் வீடு முழுக்கக் கரண்ட் போகுது. அயனும் புதுசு."

வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் அக்கா சொன்னது இது. முதலில் கீசரைப் போடும்போது மட்டும் ட்ரிப் விழுந்திருக்கிறது. கடைசியில் பழுது அயனில் இல்லை, கீசரின் எலிமெண்ட்டில்தான் இருந்தது.

எலிமெண்ட் என்பது ஒரு உலோகக் குழாய். அதற்குள் சூடாகும் கம்பிச் சுருளும், அது குழாயில் படாதபடி அடைத்த வெள்ளைத் தூளும் இருக்கும். குழாய் அரித்து ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். கரண்ட் தண்ணீர் வழியாகவும் கீசரின் உடல் வழியாகவும் எர்த்துக்கு ஒழுகும். வீடுகளில் போடும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் ஒழுகினாலே விழுந்துவிட வேண்டியது.

ஓஃப் செய்த கீசர் எப்படி ட்ரிப்பை விழுத்தும்? அக்கா வீட்டுச் சுவிட்ச் லைவ் கம்பியை மட்டுமே வெட்டுகிறது, நியூட்ரல் கம்பி கீசரோடு இணைந்தபடியே இருக்கிறது. அயனின் கரண்ட் திரும்பிப் போகும்போது அதில் ஒரு பங்கு நியூட்ரல் வழியாக ஓட்டை எலிமெண்ட்டுக்குள் புகுந்து எர்த்துக்குப் போய்விடுகிறது. கீசருக்கு இரண்டு கம்பியையும் வெட்டும் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச்தான் சரி.

எந்த அறிகுறிக்கு எது காரணம்

ட்ரிப் விழுந்தால் முதல் சந்தேகம் எலிமெண்ட் மேல். ட்ரிப் விழாமல், கீசரின் லைட் எரிந்தும் தண்ணீர் சூடாகவே இல்லை என்றால், பெரும்பாலும் உள்ளே சுருள் அறுந்திருக்கும். லைட்டும் எரியாவிட்டால் தெர்மோஸ்டாட்டில் உள்ள சிவப்புப் பட்டன் துள்ளியிருக்கலாம், அல்லது கீசருக்குக் கரண்டே வராமல் இருக்கலாம். தண்ணீர் கொதிக்கிற அளவுக்குச் சூடாகி, பிறகு அடியோடு நின்றுபோனால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கீசரில் சிவப்புப் பட்டனை அமுக்கி அமுக்கி ஓட்டாதீர்கள்.

இதெல்லாம் இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம்

பைப்பையோ ஷவரையோ தொட்டால் லேசாகக் கூட ஷொக் அடித்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடு, கீசருக்கு எர்த் வயர் இல்லாதது, வயர் கருகியோ டெர்மினல் உருகியோ இருப்பது, எல்லாமே அவர் வேலைதான். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் எர்த் ரொட் தனியாக மண்ணில் இறங்குகிறது. மண்ணின் தடை காரணமாக, கரண்ட் ஒழுகினாலும் சாதாரண பிரேக்கர் விழும் அளவுக்குப் போகாது. அந்த நேரம் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதை பைபாஸ் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். தாங்கியே ஒழுகினால் கீசரையே மாற்றுங்கள். நான் சொல்வது தாங்கி உள்ள கீசருக்கு மட்டும், உடனடியாகச் சூடாக்கும் ஷவர் ஹீட்டருக்கு அல்ல.

சோதிக்கும் முறை

கீசர் சுவிட்ச், அதன் பிரேக்கர், மெயின் சுவிட்ச் மூன்றையும் இறக்குங்கள். இறக்குவதற்கு முன்பே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, வேலை செய்யும் ஒரு பிளக்கில் 230 அளவில் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கீசரின் கீழ் மூடியைக் கழற்றி, லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்று இடத்திலும் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம். வயர் எது எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்த பின்தான் எதையும் கழற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை உருவி எடுத்து எலிமெண்ட்டைத் தனியாக்குங்கள். இப்போது மீட்டரை ஓம் அளவுக்கு மாற்றி அதன் இரு முனையிலும் வையுங்கள். 2 கிலோவாட் எலிமெண்ட் என்றால் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். `OL` வந்தால் கரண்ட் போக வழியே இல்லை, அதாவது சுருள் அறுந்தது. அப்புறம் ஒவ்வொரு முனையிலிருந்தும் எலிமெண்ட் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டுக்கு அளந்து பாருங்கள். இங்கே `OL` வருவதுதான் நல்லது. அக்கா வீட்டில் ஒரு முனையிலிருந்து 9 ஓம், மற்றதிலிருந்து 31 ஓம் காட்டியது. 9 காட்டிய முனை நியூட்ரல் பக்கம். ஓட்டை அந்த முனைக்கு அருகிலேயே இருந்ததால்தான் அயன் கூட ட்ரிப்பை விழுத்தியது.

ஒரு எச்சரிக்கை. மல்டிமீட்டர் சிறு பேட்டரியில்தான் அளக்கிறது, 230 வோல்ட்டில் மட்டும் ஒழுகும் பழுதை அது தவறவிடலாம். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டியும் ட்ரிப் விழுந்தால், 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர் வைத்திருக்கும் எலெக்ட்ரீசியன் வேண்டும்.

தெர்மோஸ்டாட்டுக்கு இவ்வளவு வேலை இல்லை. தண்ணீர் ஆறியிருக்கும்போது அதன் இரு டெர்மினலுக்கும் இடையே கிட்டத்தட்ட 0 ஓம் வர வேண்டும். சிவப்புப் பட்டனை அமுக்கிய பிறகும் `OL` என்றால் புதிதாக மாற்றுங்கள். பழைய தெர்மோஸ்டாட் கம்பியின் அதே நீளத்தில் வாங்கி, அதே குழிக்குள் செருகினால் போதும், தண்ணீரை இறக்க வேண்டியதில்லை.

எலிமெண்ட்டை மாற்றுவது

தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்நீர் வால்வை மூடி, பாத்ரூமின் சுடுநீர்க் குழாயைத் திறந்து காற்றுப் போக வழி விடுங்கள். சுடுநீர்க் குழாயைத் திறப்பதால் மட்டும் தாங்கி காலியாகாது, ஏனென்றால் சுடுநீர் தாங்கியின் மேல்பகுதியிலிருந்துதான் வெளியேறும். சேஃப்டி வால்வின் நெம்பைத் தூக்கியோ, குளிர்நீர்ப் பைப்பைக் கழற்றியோதான் இறக்க வேண்டும். 15 லீட்டர் கீசரில் 15 கிலோ தண்ணீர், வாளி தயாராக வையுங்கள்.

தட்டின் நட்டுகளைக் கழற்றி எலிமெண்ட்டை இறக்குங்கள். அடியில் சேறு, உப்புப் படிவு இருந்தால் கழுவி விடுங்கள். பல கீசரில் அதே தட்டில் மக்னீசியம் கம்பி ஒன்றும் இருக்கும். தாங்கிக்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதுதான் அதன் வேலை. உள்கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், அக்கா வீட்டில் அது ஈர்க்குக்குச்சி அளவில்தான் மிஞ்சியிருந்தது.

கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ காலி வீதிக் கடைகளிலோ பொருத்திப் பார்த்து எடுக்கலாம். வோட், நீளம், தட்டின் வடிவம், ஓட்டைகளின் இடைவெளி எல்லாம் ஒத்திருக்க வேண்டும். கூடவே புது ரப்பர் வளையமும் வாங்குங்கள். பழையது நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி போட்டால் ஒழுகலாம்.

நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு கரண்ட்டைப் பற்றி நினைக்காமல் முதலில் தண்ணீரைத் திறந்து விடுங்கள். சுடுநீர்க் குழாயில் காற்று விட்டு விட்டுத் துப்பி, பின் தண்ணீர் சீராக வர வேண்டும். வெறும் தாங்கியில் சுவிட்சைப் போட்டால் புது எலிமெண்ட் சில நிமிடத்தில் எரிந்துபோகும். ஒழுக்கு இல்லை என்று பார்த்து, தட்டைத் துடைத்து உலர்த்தி, படத்தைப் பார்த்தே வயர்களை மாட்டுங்கள். எர்த் வயரின் ஸ்க்ரூவை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

15 லீட்டரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2 கிலோவாட் எலிமெண்ட்டுக்குப் பதினேழு நிமிடம் அளவில் எடுக்கும். அக்கா வீட்டில் இருபது நிமிடத்துக்குள் லைட் அணைந்தது. சூட்டில் வளையம் இடம் கொடுத்து ஒழுகலாம் என்பதால், மெயினை மறுபடி இறக்கி மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். தட்டு உலர்ந்தபடியே இருந்தது. அதன் பிறகுதான் அக்காவிடம் அயனைப் போடச் சொன்னேன்.