வாஷிங் மெஷின் அடியில் ஒழுகுகிறதா? கேஸ்கெட்டை மாற்றும் முன் ஓர் அரைமணி நேரச் சோதனை

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. துணி துவைக்க போர் தண்ணீர்தான், அதுவும் வாயில் வைக்க முடியாத உப்பு. பின்கட்டுத் தாழ்வாரத்தில் முன்பக்கக் கதவு வைத்த ஏழு கிலோ மெஷின் ஒன்று ஐந்து வருடமாக ஓடுகிறது. போன கோடையில் அதன் அடியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. கதவுப் பக்கம் ஈரமாக இருந்ததால் பார்க்க வந்த மெக்கானிக் கதவு ரப்பரை, அதாவது கேஸ்கெட்டை, மாற்றிவிட்டுப் போனார். 2,800 ரூபாய் ஆனது. மறுநாளே மறுபடியும் தண்ணீர்.

அதன் பிறகு நானே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். கோளாறு கதவிலே இல்லை. அடியில் துருப்பிடித்த ஒரு கிளிப். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மேலே இருந்து திறக்கும் மெஷினுக்கு இது அப்படியே பொருந்தாது.

முதலில்: ஈரத்தை நம்பாதீர்கள்

தண்ணீர் தேங்கிய இடம் ஒழுகிய இடமாக இருக்க வேண்டியதில்லை. சோப்புத்தூள் டிராயரில் வழியும் தண்ணீர் முன்தகட்டின் உள்பக்கமாக இறங்கி அடியில்தான் வந்து சொட்டும். தரையில் சாய்வு இருந்தால் பின்னால் ஒழுகுவதும் முன்னால் வந்து நிற்கும். எங்கள் தாழ்வாரம் வாசல் பக்கம் சாய்வு. கதவுப் பக்கம் ஈரம் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

அதனால் எங்கே ஈரம் என்று பார்க்கிறதைவிட எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள். தண்ணீர் ஏறும்போதா, டிரம் சுற்றும்போதா, வெளியேற்றும்போதா, அல்லது உள்ளே தண்ணீரோடு சும்மா நிற்கும்போதா? சும்மா நிற்கும்போதும் ஒழுகுகிறதா என்ற கேள்விதான் பாதி மெஷினைச் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிடும்.

நின்ற தண்ணீர் சோதனை

துணி, தூள் எதுவும் போடாமல் சாதாரண பருத்தித் துணி புரோகிராமை ஓட விடுங்கள். தண்ணீர் ஏறும் சத்தம் நின்றதும் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். குழாயையும் மூடிவிடுங்கள். தரையை நன்றாகத் துடைத்து, பழைய செய்தித்தாளை ஒரு குச்சியால் மெஷினுக்கு அடியில் தள்ளி விரியுங்கள். தாளின் ஓரங்களில் முன், பின், இடது, வலது என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். உருவி எடுத்த பிறகு எந்தப் பக்கம் எது என்று குழம்பிவிடும்.

அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.

தாள் நனைந்தால் ஒழுகல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இந்த வகை மெஷினில் துவைக்கும்போது நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் கதவின் கீழ் விளிம்புக்கும் தாழ்வாகத்தான் இருக்கும். டிரம் சுற்றி அள்ளி அடித்தால்தான் கதவு ரப்பருக்குப் போகும். ஆக, டிரம் நிற்கும்போதும் சொட்டுகிறது என்றால் கேஸ்கெட்டின் மேல் பழி போடாதீர்கள். தேட வேண்டியது அடியில்: டிரம்மைச் சூழ்ந்து தண்ணீர் நிற்கும் தொட்டியில் இருந்து பம்புக்கு இறங்கும் தடித்த ரப்பர் ஹோஸ், டிரெயின் பம்ப், முன்னால் கீழே இருக்கும் ஃபில்டர் மூடி, அப்புறம் தொட்டியே.

தாள் காய்ந்தே இருந்தால் மறுபடியும் வெறும் தண்ணீரில் ஓட விட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் ஏறும்போது மட்டும் சொட்டினால் குழாயில் மாட்டிய ஹோஸின் வாஷரும் தூள் டிராயரும். சுற்றும்போது சொட்டினால் கதவு. வெளியேற்றும்போது மட்டும் என்றால் பின்னால் இருக்கும் டிரெயின் ஹோஸ். வேகமாகப் பிழியும்போது கடகடவென்ற சத்தத்தோடு சொட்டி, பின்தகட்டைக் கழற்றினால் நடுவில் துருநிறக் கோடு தெரிகிறது என்றால் பேரிங் சீல் போய்விட்டது. அதை வீட்டில் செய்யப் பார்க்க வேண்டாம்.

எனக்குத் தாள் நனைந்தது, வலப்பக்கம் சற்றுப் பின்னால்.

உப்புக் கோட்டைப் பின்தொடருங்கள்

நம் கடற்கரை வீடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. உப்புத் தண்ணீர் காய்ந்தால் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு விட்டுவிட்டுப் போகும். நல்ல தண்ணீர் ஊரில் ஒழுகல் காய்ந்தால் தடமே தெரியாது.

மெஷின் அறுபது, எழுபது கிலோ இருக்கும். உள்ளே காங்கிரீட் எடை வைத்திருப்பார்கள். தனியாகச் சாய்க்காதீர்கள். முதலில் ஃபில்டர் மூடி பக்கத்துச் சின்னக் குழாய் வழியாகத் தண்ணீரை ஒரு தட்டில் வடித்துவிடுங்கள். பிறகு மச்சானும் நானும் பிடித்துப் பின்சுவரில் சாய்த்து, அடியில் மரக்கட்டை கொடுத்தோம். கட்டை கொடுக்காமல் கையை உள்ளே விடவே கூடாது. எலி நுழையாமல் இருக்க அடியில் தகடு வைத்திருந்தால் அதைக் கழற்ற வேண்டும்.

செல்போன் லைட் போதும் என்று நினைத்தேன், போதவில்லை. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள். இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

பம்பின் மேல் ஒரு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. பம்பில்தான் கோளாறு என்று அங்கேயே நிறுத்தாமல் கோட்டை மேலே மேலே தொடர்ந்து பாருங்கள். அது ஹோஸின் வெளிப்பக்கமாக ஏறி, தொட்டியின் வாயில் ஹோஸ் மாட்டிய இடத்தில் போய் முடிந்தது. அங்கே இருந்த கம்பி கிளிப்பை விரலால் தொட்டேன். பொரியுருண்டை உடைகிற மாதிரி துரு உதிர்ந்தது. கடல்காற்று கீழே இருந்து தின்றிருக்கிறது.

கிளிப் வாங்குவது

ஹோஸ் மாட்டிய இடத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அந்த நூலையே கடைக்குக் கொண்டுபோங்கள். நான் போனது படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடைக்கு. கடல்தண்ணீருக்குத் தாங்குகிற சாமான் அங்கேதான் கிடைக்கும். நான் கேட்ட கிளிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்த அண்ணன், "தம்பி, பட்டையைப் பார்க்காதே, ஸ்குரூவைப் பாரு" என்று ஒரு காந்தத்தை நீட்டினார். மலிவான கிளிப்பில் பட்டை மட்டும்தான் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பில் முலாம் பூசியது. நம் காற்றில் திருகுதான் முதலில் போகும். திருகில் காந்தம் கப்பென்று ஒட்டினால் அந்தக் கிளிப் வேண்டாம். இரண்டாக வாங்கி ஹோஸின் இரண்டு முனைக்கும் போட்டுவிடுங்கள். மேல் கிளிப் போயிருந்தால் கீழ்க் கிளிப்பும் அதே வயதுதான்.

நான் தடுக்கி விழுந்த இடம்

புதுக் கிளிப்பைப் போட்டு இறுக்கினேன். ஒழுகல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். பட்டையின் ஓரம் ரப்பரை வெட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் நிறுத்திவிட்டு ஹோஸை முழுதாகக் கழற்றிப் பார்த்தேன்.

தொட்டியின் பிளாஸ்டிக் வாயைச் சுற்றி, ரப்பர் உட்காரும் இடத்தில், அரிசித் தவிடு மாதிரி உப்பும் சுண்ணாம்பும் படிந்து கெட்டியாகி இருந்தது. அதன் மேல் ரப்பர் எப்படி ஒட்டும்? துணியை வினிகரில் நனைத்து அந்த வாயைச் சுற்றிக் கட்டிக் கால்மணி நேரம் விட்டேன். பிறகு பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் சுரண்டினேன். கத்தி வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதன் வழியே புதிதாக ஒழுகும். ஹோஸின் உள்பக்கத்தையும் நகம் தட்டாத அளவுக்குத் துடைத்தேன். விளிம்பு வரை ஏற்றி மாட்டி, கிளிப்பின் ஓரத்தில் ரப்பர் லேசாகப் புடைக்கும் வரை திருகினேன். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

சிலிகான் பசை, டேப் எதையும் அங்கே வைக்காதீர்கள். தொட்டி ஸ்பிரிங்கில் தொங்கி ஆடுகிற சாமான். பசை இறுகி நிற்கும், ரப்பர் ஆடும், ஒரு வாரத்தில் பிளந்துவிடும்.

கழற்றும் முன் கட்டாயம் போட்டோ எடுங்கள். சில மெஷின்களில் இந்த ஹோஸுக்குள் ஒரு பிளாஸ்டிக் பந்து இருக்கும், மறக்காமல் திரும்பப் போட வேண்டும். பக்கத்தில் பென்சில் தடிமனில் மேலே போகும் ஒரு காற்றுக் குழாயும் இருக்கலாம். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது கழன்றாலோ அடைத்துக்கொண்டாலோ மெஷினுக்கு அளவு தெரியாமல் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும்.

எல்லாம் மாட்டியதும் அதே செய்தித்தாள் சோதனையை மறுபடி செய்தேன். காய்ந்த தாள். கிளிப் இரண்டும் சேர்த்து 90 ரூபாய்.

கதவுதான் என்றால்

சுற்றும்போது மட்டும் ஒழுகுகிறவர்கள் புது கேஸ்கெட் வாங்கும் முன் பழையதின் கீழ் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கடற்கரை மணல், முடி, காசு எல்லாம் அங்கேதான் சேரும். கதவுக் கண்ணாடியில் ரப்பர் படும் வளையத்தையும் தடவுங்கள், சொரசொரவென்று இருந்தால் அது உப்பு. ஈரத்துணியும் வினிகரும் போதும். ரப்பரில் கிழிசல் தெரிந்தால்தான் மாற்ற வேண்டும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுக் கீழக்கரையில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்: மெஷினை ஓட்டாத நாளிலும் காலையில் பார்த்தால் தரை நனைந்திருக்கிறதாம். இது வேறு கோளாறு. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மட்டும் திறந்து வைத்து, டிரம்மைப் பாருங்கள். கரண்டே இல்லாமல் தண்ணீர் கசிந்து இறங்கினால் பின்னால் ஹோஸ் மாட்டும் இன்லெட் வால்வு சரியாக மூடவில்லை. மாடித் தொட்டியின் அடி வண்டல் வந்து அதன் ரப்பரில் சிக்கியிருக்கும். வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலையை இடுக்கியால் இழுத்துக் கழுவுங்கள். அப்படியும் கசிந்தால் வால்வை மாற்ற வேண்டும், அதுவரை துவைத்ததும் குழாயை மூடிவிடுங்கள்.

தங்கச்சிமடத்து அக்கா ஒருவருக்குச் சில நாள் மட்டும் டிராயர் வழியாக வழிகிறது. கேட்டுப் பார்த்ததில் அவர்கள் தொட்டியில் ஒரு நாள் போர் தண்ணீர், ஒரு நாள் காவிரிக் குடிநீர். போர் தண்ணீரில் நுரை வராது என்று தூளை அள்ளிப் போட்டுப் பழகிய கை, காவிரித் தண்ணீர் நாளிலும் அதே அளவு போடுகிறது. நுரை பொங்கி டிராயர் வழியே வெளியே வருகிறது. மழைத்தண்ணீர் பிடித்துத் துவைக்கிற ஐப்பசி, கார்த்திகையிலும் இதே கதைதான். ஒழுகிய தடத்தைத் தொட்டால் உப்பாகச் சொரசொரக்காமல் வழுவழுவென்று இருக்கும், அதுதான் அடையாளம். நல்ல தண்ணீர் நாளில் தூளைப் பாதியாக்கச் சொன்னேன், அதுவும் முன்கதவு மெஷினுக்கென்று விற்கிற தூள் மட்டும். இரண்டு வாரமாக வழியவில்லை என்று நேற்று எழுதியிருந்தார்.