"பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள்: இரவு நேர டீம் அவுட்டிங்கை மறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை காலை குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. "வியாழன் இரவு 7.30க்கு டீம் டின்னர், யார் யார் வர்றீங்க?" பத்து நிமிடத்தில் 8 பேர் கட்டைவிரலைப் போட்டுவிடுகிறார்கள். படித்தவுடனேயே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, முடியாது என்று. குழந்தை இருக்கும் காப்பகம் 6.30க்கு மூடிவிடும், வியாழக்கிழமைகளில் வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு இரவு ஷிஃப்ட், வேறு ஆள் கிடையாது. ஆனாலும் கை தானாக அடிக்கிறது: "பார்க்கிறேன், முயற்சி பண்றேன்."

இதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"பார்க்கிறேன்" என்பதை நாம் மரியாதைக்காகச் சொல்கிறோம், முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மனம் வராமல். ஆனால் ஏற்பாடு செய்பவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருக்கு எத்தனை பேர் என்று ஒரு எண் வேண்டும், அந்த எண்ணை வைத்துத்தான் இடம் பிடிக்கிறார், சில இடங்களில் முன்பணமும் கட்டுகிறார். உங்களை வருபவர் பட்டியலிலும் சேர்க்க முடியாது, வராதவர் பட்டியலிலும் சேர்க்க முடியாது. புதன்கிழமை மறுபடி கேட்கிறார், நீங்கள் மறுபடி இழுக்கிறீர்கள். வியாழன் மாலை 5 மணிக்கு "சாரி, இன்னைக்கு முடியல" என்கிறீர்கள். திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அது "அவரால் வர முடியாது" என்பதோடு முடிந்திருக்கும். வியாழன் மாலை சொன்னால் அது "கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்" என்று ஆகிவிடுகிறது. காரணம் ஒன்றேதான், சொன்ன நேரம்தான் வேறு.

நானும் கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஏற்பாடு செய்தவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "முதல்லயே சொல்லியிருந்தா நாளை மாத்தியிருப்பேனே." நாள் முடிவாவதற்கு முன் வரும் மறுப்பு அவருக்கு உதவி, முடிவான பிறகு வருவது தொல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எனவே அன்றே பதில் சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே ஒரு வாய்ப்பு இருந்தால், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தால், கெடு வைத்துச் சொல்லுங்கள்: "செவ்வாய் மாலைக்குள்ள உறுதியா சொல்றேன், அதுவரைக்கும் என்னைக் கணக்குல சேர்க்க வேண்டாம்."

அடுத்தது, காரணம் சொல்லும் விதம். இதில் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். சிலர் தலைவலி, விருந்தாளிகள் என்று எதையாவது புனைந்துவிடுகிறார்கள். மறுநாள் யாராவது அக்கறையாக "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டால் அந்தப் பொய்யைத் தொடர வேண்டும், இரண்டு மாதம் கழித்து வேறொன்று தேட வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்கள் உண்மையான தடை யாருக்கும் தெரியாமலே போவது. தெரியாதவரை அடுத்த அவுட்டிங்கும் 7.30க்குத்தான் போடப்படும்.

சிலர் நேர் எதிராக, காப்பகத்தின் நேரம், துணையின் ஷிஃப்ட் அட்டவணை, பாட்டி ஊருக்குப் போனது, குழந்தைக்குப் போன வாரம் வந்த சளி என்று வீட்டுக் கதை முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். நீளமான விளக்கத்தைப் படிப்பவர் அதைத் தீர்க்க வேண்டிய கணக்காக எடுத்துக்கொள்வார். "பக்கத்து வீட்டில் விட்டுட்டு வரலாமே?", "குழந்தையையும் கூட்டிட்டு வாங்களேன்" என்று நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பிப்பார்கள், நீங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டிவரும். ஒரு வரி போதும். இன்னொன்று, அப்பாக்கள் பலர் "வீட்ல விட மாட்டாங்க" என்று சொல்லி நழுவுகிறார்கள். அங்கே இல்லாத மனைவி கெட்டவராகிறார். "இன்னைக்கு குழந்தையைப் பார்த்துக்கிறது என் முறை" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதானே.

சரி, டீமை மதிப்பதை எப்படிக் காட்டுவது? "டீம்னா எனக்கு உயிர்" என்று எழுதுவதும், நான்கு முறை மன்னிப்பு கேட்பதும், "அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்" என்பதும் வேலைக்கு ஆகாது. மூன்றாவது ரொம்ப ஆபத்தானது, அடுத்த தடவையும் வியாழன் இரவாக இருந்தால் வாக்குத் தவறியவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாகச் செய்யக்கூடிய ஒரு சின்ன விஷயத்தைத் தேடுங்கள். இந்த டின்னர் எதற்கு என்று பாருங்கள். ஒருவர் டீமிலிருந்து விலகுகிறார், அவருக்கு விடைகொடுக்கத்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் இப்படி எழுதுவேன்:

"வியாழன் ராத்திரி என்னால வர முடியாது, குழந்தையைப் பார்த்துக்க அன்னைக்கு வேற யாரும் இல்லை. என்னைக் கணக்குல சேர்க்காம புக் பண்ணிடுங்க. வாழ்த்து அட்டைக்கு எல்லார்கிட்டயும் எழுதி வாங்குறதை நான் பார்த்துக்கிறேன், புதன் மதியத்துக்குள்ள முடிச்சுடுறேன்."

முதல் வாக்கியத்திலேயே பதில் தெளிவாக இருக்கிறது. காரணம் பாதி வரிதான். மன்னிப்பு இல்லை, ஏனென்றால் இதில் தப்பு எதுவும் நடக்கவில்லை. கடைசி வரியில் வேலையும் நாளும் இருக்கின்றன, அதனால் அது பேச்சோடு நிற்காது. விலகுபவரைப் பகலிலேயே தனியாகப் பார்த்து, அவரிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டால், அன்று இரவு நீங்கள் அங்கே இல்லாததை அவர் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தேதி ஏற்கெனவே முடிவாகிவிட்டதென்றால் குரூப்பில் "மதிய நேரத்துக்கு மாத்தலாமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். சரி என்று போட்ட 8 பேரும் சங்கடப்படுவார்கள். நேரத்தைப் பற்றிப் பேச வேண்டியது பிறகு, மேனேஜரிடம், தனியாக.

அந்தப் பேச்சும் அவசியம்தான். ஒருமுறை வர முடியாமல் போவது தற்செயல், தொடர்ந்து நான்கு அவுட்டிங்கும் இரவிலேயே நடந்தால் அது ஏற்பாட்டில் இருக்கும் பிரச்சினை. ஆனால் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றுங்கள் என்று கேட்காதீர்கள், சிலருக்கு மாலைதான் ஓய்வான நேரம். "ஒண்ணு விட்டு ஒண்ணு மதியம் வைக்கலாமா, அப்படி வெச்சா நான் நிச்சயம் வருவேன், தேதி இரண்டு வாரம் முன்னாடி தெரிஞ்சா சில ராத்திரிகளுக்குக்கூட ஆள் ஏற்பாடு பண்ணிடுவேன்" என்று கேட்டால் அவருக்குச் சரி சொல்வது சுலபம். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். இந்த மாதிரிச் சந்திப்புகளில் பேச்சுவாக்கில் அடுத்த வேலையை யார் எடுப்பது என்பதுகூட முடிவாகிவிடும், வராதவருக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரியும். "அங்க வேலை சம்பந்தமா ஏதாவது முடிவாச்சுன்னா மறுநாள் குரூப்ல போட்டுடுங்க" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.