வலப்பக்கம் வளையுற காத்து ஏன் இடஞ்சுழியா சுத்துது: சூறாவளி விஷயத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இங்க நுவரெலியாவுல பக்கத்து தோட்டத்துப் பொடியன்கள் ரெண்டு பேர் புதுசா போட்ட பொலித்தீன் கூடாரத்துக்கு காத்துக் கட்டு கட்டிக்கிட்டு இருந்தாங்க. கிழக்குக் கடல்ல தாழமுக்கம்னு நியூஸ்ல சொல்லிட்டாங்க, அதான் அவசரம். கட்டு எல்லாம் தெற்குப் பக்கமே விழுகுது. ஏன்டா தெற்குன்னு கேட்டா, "மாமா, வட அரைக்கோளத்துல காத்து வலப்பக்கம்தானே வளையும், அப்ப சூறாவளி கடிகார முள் மாதிரி வலஞ்சுழி, நாம அதுக்கு மேற்குல இருக்கோம், காத்து தெற்குல இருந்துதான் வரும்"னு ஒரே மூச்சுல சொல்றான். எனக்கு சிரிப்பு வரல, வயித்தெரிச்சல்தான் வந்திச்சு, ஏன்னா இதே கணக்கைப் போட்டுத்தான் நான் ஒரு கூடாரத்தைப் பறிகொடுத்தேன். ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல ஏ லெவல் புவியியல் பிள்ளைங்களும் வருசா வருசம் இதைத்தான் எழுதுறாங்க.

பூமி சுத்துறதை மட்டும் பாத்து, கால் கீழ தரை திரும்புறதை மறக்கிறது

பூமி சுத்துறதால காத்து வளையுற மாதிரி தெரியுறதைத்தான் கொரியோலிஸ்னு சொல்றாங்க. அதைச் சொன்ன உடனே எல்லாரும், மத்திய கோட்டுக்கிட்ட பூமி வேகமா போகுது, துருவத்துக்கிட்ட மெதுவா போகுதுன்னு ஆரம்பிப்பாங்க. அது பிழை இல்ல, ஆனா அதோட நின்னா வடக்கு தெற்கா போற காத்து மட்டும்தான் வளையும், கிழக்கு மேற்கா போறது வளையாதுன்னு ஒரு முடிவு வந்திடும். எந்தத் திசையில போனாலும் வளையும்.

நான் கிளாஸ்ல சொல்றது இப்பிடி. வட துருவத்துல நின்னா நம்ம கால் கீழ இருக்கிற தரை ஒரு நாளைக்கு ஒரு முழு சுத்து இடப்பக்கமா திரும்புது. மத்திய கோட்டுல நின்னா தரை திரும்புறதே இல்ல, கிழக்கு நோக்கி அப்பிடியே உருண்டு போகுது, அவ்வளவுதான். நுவரெலியா கிட்டத்தட்ட 7 பாகை வட அகலாங்கு, இங்க தரை திரும்புது, ஆனா ரொம்ப மெதுவா, ஒரு முழு சுத்துக்கு 8 நாளுக்கு மேல எடுக்கும். அதாவது மணித்தியாலத்துக்கு 2 பாகை கூட இல்ல. காத்து பாட்டுக்கு நேரா போகுது, கீழ தரை இடப்பக்கம் திரும்பிருது, தரையில நிக்கிற நமக்கு காத்து வலப்பக்கம் வளைஞ்ச மாதிரி தெரியுது. தென் அரைக்கோளத்துல நிக்கிறவனுக்கு தரை எதிர்ப்பக்கம் திரும்புது, அதனால அவனுக்கு காத்து இடப்பக்கம் வளையும்.

எவ்வளவு வளையும்னும் பாத்திடுவோம். நம்ம அகலாங்குல மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்துல போற காத்து ஒரு மணித்தியாலத்துல சுமார் 1 கிலோமீற்றர்தான் விலகும். அதே காத்தை 6 மணித்தியாலம் விட்டா 216 கிலோமீற்றர் போறதுக்குள்ள 40 கிலோமீற்றர் விலகிடும். விலகல் நேரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடுது, அதனாலதான் பெரிய தூரம் ஓடுற காத்துல மட்டும் இது தெரியுது. தென் இந்து சமுத்திரத்துல தென்கீழ் காத்தா கிளம்புறது மத்திய கோட்டைத் தாண்டின பிறகு வலப்பக்கம் வளைஞ்சு தென்மேல் பருவக்காத்தா வந்து வட்டவளையில மழையா கொட்டுறதும் இதே கதைதான்.

குசினி சிங்க்ல தண்ணி சுத்துறதுக்கும் கொரியோலிஸ்தான் காரணம்னு நினைக்கிறது

மணிக்கு 2 பாகை திரும்புற தரை அரை நிமிசத்துல காலியாகுற சிங்க்கை ஒண்ணும் பண்ணாது, குழாயை எந்தப் பக்கம் திறந்தோம்கிறதுதான் அங்க விஷயம்.

வலப்பக்கம் வளையுது, அதனால வலஞ்சுழின்னு முடிவு கட்டுறது

இதுதான் என்னைச் சுட்டது. இதுல பாதி குத்தம் நம்ம சொல்லுலயே இருக்கு. வலப்பக்கம், வலம், வலஞ்சுழி எல்லாம் ஒரே வார்த்தைக்குப் பிறந்த பிள்ளைங்க மாதிரி காதுல விழுது, அதனால வலம் வளைஞ்சா வலஞ்சுழிதானேன்னு மனசு ஓடிருது. ஒரு காத்துப் பொட்டலத்தை மட்டும் தனியா விட்டா, அது வலப்பக்கமே வளைஞ்சு வளைஞ்சு வலஞ்சுழியா ஒரு வட்டம் போடும், உண்மைதான். ஆனா சூறாவளியில காத்து தனியா இல்ல, நடுவுல ஒரு தாழமுக்கம் உக்காந்துக்கிட்டு எல்லாப் பக்கமும் இருந்து இழுக்குது. இதை விட்டுட்டா மொத்தக் கணக்கும் தலைகீழா போயிடும்.

கிளாஸ்ல நடுவுல ஒரு கதிரையைப் போட்டு, நாலு மூலையில நாலு பிள்ளைங்களை நிறுத்தி, கதிரையைப் பாத்து நடங்க, ஆனா ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குங்கன்னு சொல்லுவேன். நாலு பேருக்கும் கதிரை தவறிடும். தெற்குல இருந்து வடக்கு நோக்கி வந்தவன் வலப்பக்கம் ஒதுங்கி கதிரைக்குக் கிழக்கால போவான். வடக்குல இருந்து தெற்கு நோக்கி வந்தவள் அவளோட வலப்பக்கம் ஒதுங்கி கதிரைக்கு மேற்கால போவாள். தவறினவங்களை கதிரை திரும்பவும் இழுக்குதுன்னு வச்சா, இப்ப எல்லாருக்கும் கதிரை இடக்கைப் பக்கம் இருக்கு. கிழக்குல வடக்கு நோக்கியும், மேற்குல தெற்கு நோக்கியும் ஓட்டம். மேல இருந்து பாத்தா அது இடஞ்சுழி. ஒவ்வொருத்தரும் வலப்பக்கம் ஒதுங்கினதாலதான் மொத்தமும் இடப்பக்கம் சுத்துது.

கோயில்ல சாமியை வலம் வரும்போது சாமி நம்ம வலக்கைப் பக்கம் இருக்கும். நம்ம பக்கத்துச் சூறாவளி அதுக்கு நேர் எதிர், நடுவை இடக்கையில வச்சுக்கிட்டு சுத்துது. ஒழுங்கா வலம் வர்றது தென் அரைக்கோளத்துச் சூறாவளிதான், ஏன்னா அங்க பிள்ளைங்க இடப்பக்கம் ஒதுங்குவாங்க, கதிரை வலக்கைக்கு வந்திடும். 2022 மே மாசம் அசானிங்கிற சூறாவளி வங்காள விரிகுடாவுலயும் கரீம்ங்கிற சூறாவளி மத்திய கோட்டுக்குத் தெற்காலயும் ஒரே நேரத்துல இருந்திச்சு, செய்மதிப் படத்துல ரெண்டும் கண்ணாடிக்கு முன்னால நிக்கிற மாதிரி எதிரெதிரா சுத்தும். பிள்ளைங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினா அதுக்கப்புறம் மறக்க மாட்டாங்க.

வலம் வளைஞ்சா வலஞ்சுழிங்கிற கணக்கு உயரமுக்கத்துக்கு மட்டும் சரி. அங்க காத்து நடுவுல இருந்து வெளிய போகுது, போற போக்குல வலப்பக்கம் வளையுது, அதனால வலஞ்சுழி. பிள்ளைங்க உயரமுக்கத்தோட விடையைக் கொண்டுபோய் சூறாவளிக்கு எழுதுறாங்க.

இனி என் கூடாரக் கதை. அந்தக் கார்த்திகையில தாழமுக்கம் பொத்துவிலுக்கு நேர் கிழக்கே கடல்ல நின்னிச்சு, அதாவது எங்களுக்கு நேர் கிழக்கு. நான் வலஞ்சுழின்னு நினைச்சதால காத்து தெற்குல இருந்து வரும்னு முடிவு பண்ணி, இருந்த கம்பி, கயிறு, சாக்கு மூட்டை எல்லாத்தையும் தெற்குப் பக்கம் போட்டேன். வடக்குப் பக்க வாசலை ரெண்டு ஆணியில விட்டுட்டேன். சரியான கணக்கு என்னன்னா, இடஞ்சுழியில மையத்துக்கு மேற்கால காத்து வடக்குல இருந்து தெற்கு நோக்கி ஓடும், தரையோட உராய்வு அதை மையத்துப் பக்கமா ஒரு 20, 30 பாகை உள்ள சாய்க்கும், ஆக வடக்கும் வடமேற்கும் கலந்த காத்து. ராத்திரி ரெண்டு மணிக்கு அதுதான் வந்திச்சு. வாசல் வழியா உள்ள புகுந்து, பொலித்தீனை உள்ள இருந்து பலூன் மாதிரி ஊதி, கம்பியோட தூக்கிக்கிட்டு போயிடுச்சு. காய்க்கத் தொடங்கின கறிமிளகாய் அத்தனையும் விடிய சேத்துல. தெற்குப் பக்கக் கட்டு மட்டும் அசையாம நின்னிச்சு, அதைப் பாக்கத்தான் எனக்கு ஆத்திரம்.

டச்சுக்காரர் பைஸ் பலோட் 1857லயே சொன்ன ஒரு வழி இருக்கு. வட அரைக்கோளத்துல காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு, தாழமுக்கம் உன் இடக்கைப் பக்கம். தென் அரைக்கோளத்துல வலக்கைப் பக்கம். எனக்கு இது அப்பவே தெரிஞ்சிருந்தா செய்தியைத் திருப்பிப் போட்டுப் பாத்திருப்பேன்: கிழக்கை இடக்கையில வச்சு நின்னா நான் தெற்கைப் பாத்து நிக்கிறேன், முதுகு வடக்கு, அப்ப காத்து வடக்கு. பத்து விநாடி வேலை.

ஒரு தடவை கணக்குப் போட்டுட்டு படுத்திடுறது

மையம் நகரும், அது கூட காத்தும் திரும்பும். 2025 நவம்பர் கடைசியில வந்த டித்வா மாதிரி கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கிப் போறதுன்னு வைங்க. மையம் பொத்துவில் பக்கம் இருக்கும்போது நமக்கு வடக்குக் காத்து. அது திருகோணமலையைத் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் போனா மையம் நமக்கு வடக்கே, இப்ப காத்து மேற்குல இருந்து, உராய்வுச் சாய்வோட தென்மேற்கு கலந்து வரும். முதல்ல நனைஞ்சது வடக்கையும் கிழக்கையும் பாத்த சரிவுன்னா, அடுத்தது கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுக்கு ஈரக் காத்து ஏறும். காத்து நின்னிருச்சு, முடிஞ்சுதுன்னு கட்டை அவுக்கிறவங்க இந்த ரெண்டாவது அடியிலதான் மாட்டுறாங்க.

சூறாவளி போற பாதையும் வலப்பக்கம்தான் வளையும்னு நினைக்கிறது

பாதையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது சுத்தி இருக்கிற பெரிய காத்தோட்டம், சுழற்சித் திசையை வச்சு பாதையை ஊகிக்காதீங்க.

கொரியோலிஸ்தான் சூறாவளிக்கு பலம் குடுக்குதுன்னு எழுதுறது

பலம் சூடான கடல்ல இருந்து ஏறுற நீராவி ஒடுங்கும்போது வெளிவிடுற வெப்பம். கொரியோலிஸ் எந்தப் பக்கம் சுத்தணும்னு மட்டும் தொடக்கத்துல சொல்லிக் குடுக்குது. நம்ம அகலாங்குல மையத்துல இருந்து 30 கிலோமீற்றர்ல செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்துல காத்து அடிக்குதுன்னா, அந்த வட்டத்துல அதைத் திருப்பி வச்சிருக்கத் தேவையான இழுவையில கொரியோலிஸ் நூறுல ஒரு பங்கு அளவுதான், அமுக்க வித்தியாசம்தான் அங்க ராஜா.

ஆனா அந்தத் தொடக்கம் இல்லாட்டி ஒண்ணும் நடக்காது. மத்திய கோட்டுக்கு 5 பாகைக்குள்ள சூறாவளி உருவாகுறது அபூர்வம், காத்து நேரா உள்ள போய் தாழமுக்கக் குழியை நிரப்பிடும். 2001 டிசம்பர்ல சிங்கப்பூர் பக்கம் 1.4 பாகையில வாமெய்ங்கிற சூறாவளி உருவானது அதனாலதான் இன்னும் பேசப்படுது. இலங்கை 6ல இருந்து 10 பாகைக்குள்ள கிடக்கு, வாசப்படியில உக்காந்திருக்கோம்.

பள்ளத்தாக்குக் காத்தை நம்பி முதுகைக் காட்டுறது

மலையில இது கட்டாயம் சொல்லணும். பைஸ் பலோட் வழி திறந்த வெளிக்கும் கடலுக்கும். நம்ம லயத்துக்கு முன்னால அடிக்கிற காத்து ஆறு போற போக்குலதான் போகும், மலைக்கு மலை திரும்பும். நான் இப்ப கீழ் மேகம் மலை உச்சியைத் தாண்டி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துத்தான் திசை எடுக்கிறேன், மரத்தையோ கொடியையோ பாக்கிறதில்ல. அந்தப் பொடியன்களுக்கும் அதைத்தான் காட்டினேன், மேகம் வடக்குல இருந்து ஓடிக்கிட்டு இருந்திச்சு, பெரியவன் கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒண்ணும் பேசாம தெற்குக் கட்டுல பாதியை அவுத்து வடக்குப் பக்கம் தூக்கிட்டுப் போனான்.